லெஃப்டில் 240 குறைந்தது: ஒரு பயிற்சி விமானத்தின் மேக்னெட்டோ சோதனை

பயிற்சிப் பள்ளி ஒன்றின் செஸ்னா 172 எஸ் விமானம், காலையில் ஒருமுறை பறந்து இறங்கிய பிறகு, இரண்டாவது பறப்புக்காக ஓடுபாதைக்கு முன்னுள்ள காத்திருப்பு இடத்தில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் வேறு விமானங்கள் இருந்ததால் இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரமும் எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில், மிக்ஸ்சர் குமிழ் முழுவதும் உள்ளே தள்ளப்பட்ட நிலையில், அதாவது பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடிக்கொண்டிருந்தது. முறை வந்ததும் மாணவர் பிரேக்கை அழுத்திப் பிடித்து, த்ராட்டிலைத் தள்ளி, எஞ்சினை 1800 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பத் தொடங்கினார்.

இந்த விமானத்தின் சாவித் துளையைச் சுற்றி ஐந்து நிலைகள் உள்ளன: ஆஃப், ரைட், லெஃப்ட், போத், ஸ்டார்ட். பறக்கும்போது சாவி எப்போதும் ‘போத்’ நிலையில், தீப்பொறி கொடுக்கும் இரண்டு மேக்னெட்டோக்களும் வேலை செய்யும்படி இருக்கும். சோதனையில் முதலில் சாவி இரண்டு சொடுக்கு பின்னால் வந்து ‘ரைட்’ நிலையில் நிற்கிறது, ஆர்பிஎம் முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் ‘போத்’துக்குப் போகிறது, முள் பழைய இடத்துக்கு ஏறியபின் ஒரு சொடுக்கு மட்டும் பின்னால் வந்து ‘லெஃப்ட்’ நிலையில் நிற்கிறது. இந்த மாடலின் கையேடு, எந்த ஒரு மேக்னெட்டோவிலும் 150 ஆர்பிஎம்முக்கு மேல் குறையக்கூடாது என்றும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 50-ஐத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது.

“ரைட்ல எண்பதுதான் சார். லெஃப்ட்ல இருநூத்து நாப்பது விழுது, எஞ்சின் ஆடவும் செய்யுது.”

“போத்துக்கு வந்துடுப்பா. இப்ப எப்படி இருக்கு?”

“இப்ப சுத்தமா இருக்கு சார். ஆயிரத்து எண்ணூறு, ஆட்டமே இல்ல.”

மாணவரின் இந்தக் கடைசிப் பதிலில்தான் நிகழ்வின் சாரம் இருக்கிறது. ‘போத்’ நிலையில் எஞ்சின் குறையொன்றும் இல்லாதது போல ஓடியது. காலைப் பறப்பின் முடிவில் விமானி எதையும் உணரவில்லை. காத்திருந்த இருபது நிமிடத்திலும் எந்தக் கருவியும் எதையும் காட்டவில்லை. ஆயினும் அந்த எஞ்சினின் ஒரு சிலிண்டர், இருக்க வேண்டிய இரண்டு தீப்பொறிகளில் ஒன்றை இழந்திருந்தது.

இரண்டு எதற்கு

மேக்னெட்டோ என்பது எஞ்சினாலேயே சுழற்றப்படும் ஒரு சிறு மின்னாக்கி. அதனுள் ஒரு நிலைக்காந்தம் சுழல்கிறது. அதனருகில் உள்ள இரும்புச் சட்டத்தின்மேல் குறைந்த சுற்றுகள் கொண்ட முதன்மைச் சுருளும், பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளும் சுற்றப்பட்டிருக்கின்றன. முதன்மைச் சுருளில் மின்னோட்டம் உச்சத்தை நெருங்கும் கணத்தில் பாயிண்ட் எனப்படும் தொடுமுனை திறந்து அந்த ஓட்டத்தை அறுக்கிறது. காந்தப்புலம் சட்டென்று சரிவதால் இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக, முறை வந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்குப் போகிறது. இதற்குப் பேட்டரியும் வேண்டாம், ஆல்டர்னேட்டரும் வேண்டாம். விமானத்தின் மின்சாரம் முழுவதும் போய், ரேடியோவும் விளக்கும் அணைந்தாலும், எஞ்சின் சுழலும்வரை தீப்பொறி வந்துகொண்டே இருக்கும். வானில் இருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

ஆனால் பாயிண்ட் தேயும், கண்டென்சர் பழுதாகும், சுருள் வெப்பத்தில் வெடித்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். ஒரே மேக்னெட்டோ இருந்து அது நின்றால் எஞ்சினும் நிற்கும். ஆகவே அமெரிக்க விதிமுறைத் தொகுப்பின் 33.37ஆம் பிரிவு, தீப்பொறியால் இயங்கும் விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு பிளக்குகளும், தனித்தனி மின் மூலங்களைக் கொண்ட இரண்டு தனிச்சுற்றுகளும் இருக்க வேண்டும், அல்லது அதற்கு நிகரான நம்பகத்தன்மை கொண்ட வேறு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஒன்று முற்றிலும் செத்தாலும் மற்றொன்று எல்லாச் சிலிண்டர்களையும் எரியவைத்து விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டாவது காரணம் எரிதலைச் சார்ந்தது. இந்த விமானத்திலுள்ள லைகாமிங் ஐஓ-360 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 5.125 அங்குலம், ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். சாதாரணக் கார் எஞ்சினோடு ஒப்பிட்டால் இது மிகவும் அகலம். ஒரு பக்கம் மட்டும் தீ மூட்டினால் சுடர் அந்த அகலம் முழுவதையும் கடக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நேரத்தில் மூட்டினால் இரண்டு சுடர்களும் நடுவில் சந்தித்துக்கொள்ளும். இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டன் உச்சத்தை அடைய 25 டிகிரி இருக்கும்போதே தீப்பொறி விடப்படுகிறது (ஒவ்வொரு எஞ்சினுக்குமான சரியான எண் அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும்). 1800 ஆர்பிஎம்மில் 25 டிகிரி என்பது 2.3 மில்லி விநாடிதான். இரண்டு சுடர்களின் வேகத்தை வைத்துக் கணக்கிடப்பட்ட நேரம் அது. ஒரு சுடர் மட்டும் இருந்தால் எரிதல் தாமதமாகி, அழுத்தத்தின் உச்சம் பிஸ்டன் ஏற்கனவே கீழிறங்கத் தொடங்கிய பிறகு வருகிறது. அந்த அழுத்தத்தின் ஒரு பகுதி வேலையாக மாறாமல் வெப்பமாக வெளியேறும் குழாயில் போய்விடுகிறது.

ஆகவே சோதனையில் முள் இறங்குவது பழுதல்ல. இறங்கியே ஆக வேண்டும். ஒரு மேக்னெட்டோவை நிறுத்தினால் ஆர்பிஎம் குறைவதும், வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். எவ்வளவு இறங்குகிறது, எப்படி இறங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

முள் சொன்னது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் புதிய மாணவர்கள் பெரும்பாலும் இங்கே தடுமாறுகிறார்கள். சாவி ‘லெஃப்ட்’ நிலையில் இருக்கும்போது ஓடுவது இடது மேக்னெட்டோ; அணைக்கப்பட்டிருப்பது வலது. எனவே ‘லெஃப்ட்’டில் தெரியும் குறை இடது மேக்னெட்டோவுடையது, அல்லது அதிலிருந்து கிளம்பும் வயர்களுடையது, அல்லது அந்த வயர்கள் சென்று சேரும் நான்கு பிளக்குகளுடையது. இந்த எஞ்சினில் இடது மேக்னெட்டோ, இடப்புறச் சிலிண்டர்களின் கீழ்ப் பிளக்குகளுக்கும் வலப்புறச் சிலிண்டர்களின் மேல் பிளக்குகளுக்கும் தீப்பொறி கொடுக்கிறது. வலது மேக்னெட்டோ மீதி நான்குக்கும் கொடுக்கிறது. சாவியின் ஒரே திருப்பம் எட்டுப் பிளக்குகளில் நான்கை விலக்கிவிட்டது.

அடுத்து, குறைவோடு சேர்ந்து வந்த ஆட்டம். மேக்னெட்டோவின் டைமிங் பின்தங்கியிருந்தால் நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவில் பலவீனமாகும். முள் அதிகம் இறங்கும், ஆனால் எஞ்சின் சீராகவே ஓடும். கலவை அளவுக்கு மீறிச் செறிவாகவோ மெலிந்தோ இருந்தாலும் அப்படித்தான்; கடல் மட்டத்திலிருந்து உயரமான விமான நிலையங்களில் மிக்ஸ்சரைச் சரிசெய்யாமல் சோதனை செய்பவர்கள் இல்லாத பழுதைக் கண்டுபிடிப்பது இதனால்தான். மாறாக, எஞ்சின் குலுங்கினால் சிலிண்டர்களுக்கு இடையே சமநிலை போய்விட்டது என்று பொருள்: ஒன்று வேலை செய்யவில்லை, மற்றவை செய்கின்றன. குலுக்கத்தோடு கூடிய பெரிய வீழ்ச்சி பிளக்கையோ வயரையோ சுட்டுகிறது. குலுக்கமில்லாத பெரிய வீழ்ச்சி டைமிங்கையோ கலவையையோ சுட்டுகிறது.

இங்கே 240 என்ற எண்ணே ஒரு சிலிண்டர் செத்திருப்பதைச் சொல்லிவிடுகிறது. சாய்வு மாறாத புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் திறன், தோராயமாக ஆர்பிஎம்மின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. பழுது நீங்கிய பிறகு இதே விமானம் ‘லெஃப்ட்’டில் 70 மட்டும் இறங்கி 1730-இல் நின்றது என்பதால், ஒற்றைச் சுடரால் வரும் இயல்பான இழப்பை அதிலிருந்து கணக்கிடலாம்:

(1730 ÷ 1800)³ ≈ 0.89

அதாவது ஒரு மேக்னெட்டோவில் ஓடும்போது திறன் சுமார் 11 சதவீதம் குறைகிறது. நான்கு சிலிண்டர்களில் ஒன்று முற்றிலும் நின்றால், எஞ்சுவது அந்த 0.89-இல் முக்கால் பங்கு:

0.89 × 0.75 ≈ 0.67
1800 × ∛0.67 ≈ 1575

செத்த சிலிண்டரைச் சும்மா இழுத்துச் செல்லும் உராய்வையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கீழே வரும். மாணவர் பார்த்தது 1560. கணக்கு தோராயமானதுதான், ஆனால் ஒரு பிளக் அரைகுறையாகத் தீப்பொறி விட்டால் முள் ஓரிடத்தில் நில்லாமல் இதற்கும் 1730-க்கும் இடையில் அலையும் என்பதையும், இங்கே அது அலையாமல் அடியில் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் இடது மேக்னெட்டோவிடமிருந்து தீப்பொறி பெறவே இல்லை என்ற முடிவுக்கு, எஞ்சின் மூடியைத் திறக்காமலேயே வந்துவிடலாம்.

‘போத்’ நிலையில் இது ஏன் தெரியவில்லை என்பதும் இப்போது விளங்கும். அந்தச் சிலிண்டரின் மற்றொரு பிளக் வலது மேக்னெட்டோவிலிருந்து ஒழுங்காகத் தீப்பொறி பெற்றுக்கொண்டிருந்தது. சிலிண்டர் ஒற்றைச் சுடரில் எரிந்தது. இழப்பு மொத்தத் திறனில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஆர்பிஎம்மில் அது இருபதைக்கூட எட்டாது. த்ராட்டிலை 1800-க்கு வைக்கும் கை, அறியாமலேயே மயிரிழை கூடத் தள்ளி அதை ஈடுகட்டிவிட்டிருக்கும். பழுதிலிருந்து காப்பாற்ற வைத்த இரட்டை அமைப்பு, அதே காரணத்தால் பழுதை மறைக்கவும் செய்கிறது. ஒவ்வொன்றையும் தனியே ஓடவிட்டுப் பார்ப்பது ஒன்றே அதை வெளிக்கொணரும் வழி.

எரித்து நீக்கும் முயற்சி

பயிற்சியாளர் உடனே திரும்பச் சொல்லவில்லை. அது சரியான முடிவு. குறைந்த வேகத்தில், செறிந்த கலவையில் நீண்டநேரம் ஓடிய எஞ்சினில் பிளக்கின்மேல் புகைக்கரி படிவது சாதாரணம், அது எரிந்து போகக்கூடியதும்கூட. எஞ்சினைச் சுமார் 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, சிவப்பு மிக்ஸ்சர் குமிழை மெல்ல வெளியே இழுத்துக் கலவையை மெலிவாக்கி, ஒரு நிமிடம் போல ஓடவிட்டால் பிளக்கின் நுனி சூடேறிக் கரி எரிந்துவிடும். இங்கே அப்படிச் செய்துவிட்டு மீண்டும் பார்த்தபோது வீழ்ச்சி 210, குலுக்கம் குறையவில்லை. இரண்டாம் முறையும் மாற்றமில்லை. அத்துடன் விமானம் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியது.

மூன்றாம், நான்காம் முறை முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை எண் வரம்புக்குள் வந்துவிட்டாலும், எஞ்சினை அவ்வளவு நேரம் நின்ற இடத்தில் சூடாக்கியதால் வேறொரு தொல்லை தொடங்கும். அதோடு, இரண்டு முறையில் போகாத படிவு பெரும்பாலும் கரியாக இருப்பதில்லை.

ஹாங்கரில்

இந்த விமானத்தில் வெளியேறும் வாயுவின் வெப்பத்தைக் காட்டுவது ஒரே ஒரு முள்தான். நான்கு சிலிண்டர்களையும் தனித்தனியே காட்டும் திரை இருந்திருந்தால், ‘லெஃப்ட்’டில் மூன்று கோடுகள் ஏறி, ஒன்று மட்டும் சரிவதைக் காத்திருப்பு இடத்திலேயே கண்டிருக்கலாம். அது இல்லாததால் மெக்கானிக் பழைய முறையைக் கையாண்டார்: எஞ்சினை ஆறவிட்டு, மீண்டும் கிளப்பி, ‘லெஃப்ட்’டில் மட்டும் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, மிக்ஸ்சரை இழுத்து நிறுத்தி, உடனே அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு வெளியேற்றக் குழாய்களின் அடியையும் அளந்தார். மூன்று கொதித்தன, இடப்புறம் பின்னாலுள்ள குழாய் ஏறத்தாழ ஆறியபடியே இருந்தது. லைகாமிங் எண் வரிசையில் அது நான்காம் சிலிண்டர். இடது மேக்னெட்டோ அங்கே தீப்பொறி கொடுப்பது கீழ்ப் பிளக்குக்கு.

கழற்றிய பிளக்கைத் திருப்பிப் பார்த்தபோது, நடு மின்முனைக்கும் உலோக உடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் கடுகளவான சாம்பல் நிற மணிகள் சில இறுகிக் கிடந்தன. அவற்றில் ஒன்று இரண்டையும் தொட்டபடி பாலம் போட்டிருந்தது. அது ஈயம். விமானப் பெட்ரோலான 100 எல்எல்-இல் டெட்ரா எத்தில் லெட் சேர்க்கப்படுகிறது; எரிந்தபின் மிஞ்சும் ஈயத்தை வாயுவாக்கி வெளியேற்ற ஒரு புரோமின் சேர்மமும் கலக்கப்படுகிறது. ஆனால் பிளக்கின் நுனி போதிய சூட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். குறைந்த வேகமும் செறிந்த கலவையும் நுனியைக் குளிரவைத்து ஈயத்தை அங்கேயே தங்கவிடுகின்றன. சிலிண்டர்கள் கிடையாகப் படுத்திருக்கும் இந்த எஞ்சினில் எண்ணெயும் படிவும் கீழ்ப் பக்கம் சேர்வதால் கீழ்ப் பிளக்குகளே முதலில் அடைபடுகின்றன. கரியைப் போல ஈய மணி ஒரு நிமிட மெலிந்த கலவையில் எரிந்து போவதில்லை. பாலம் இருக்கும்வரை மின்சாரம் இடைவெளியைத் தாவ வேண்டிய தேவையே இல்லை; மணி வழியாக உடலுக்குப் போய்விடும்.

இடது மேக்னெட்டோவிலிருந்து அந்தப் பிளக்குக்கு வரும் வயர், உயர் மின்னழுத்தத்தைத் தாங்குகிறதா என்ற சோதனையில் தேறியது. மற்ற மூன்று சிலிண்டர்களும் அதே மேக்னெட்டோவில் ஒழுங்காக ஓடியதால் அதன் உட்பகுதியைச் சந்தேகிக்கக் காரணமில்லை. பிளக்கைச் சுத்தம் செய்து, உட்செராமிக்கில் விரிசல் உண்டா என்று விளக்கடியில் பார்த்து, உள்மின்தடையை அளந்து, இடைவெளியைச் சரிசெய்து, அழுத்தக் கலத்தில் தீப்பொறி விட்டுப் பார்த்த பிறகு, புதிய செம்பு வளையத்துடன் பொருத்தினார். எட்டுப் பிளக்குகளையும் கழற்றியே பார்த்தார். கீழ்ப் பிளக்குகள் மற்ற மூன்றிலும் ஈய மணிகள் சேரத் தொடங்கியிருந்தன. மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் இடம் மாற்றினார். மறுசோதனையில் ‘ரைட்’டில் 80, ‘லெஃப்ட்’டில் 70, குலுக்கமில்லை. பள்ளி அதன்பின் தரையில் ஓடும்போது கலவையை மெலிவாக வைக்கும் வழக்கத்தைக் கட்டாயமாக்கியது.

முள் இறங்காவிட்டால்

இந்த நிகழ்வில் வராத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு நல்ல செய்தி போலத் தெரியும் ஒரே முடிவு அதுதான். ‘லெஃப்ட்’டில் முள் கொஞ்சமும் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் அருமையாக இருக்கிறது என்று பொருளல்ல. வலது மேக்னெட்டோ அணையவே இல்லை என்று பொருள்.

மேக்னெட்டோவை அணைப்பது அதன் மின்சாரத்தைத் துண்டிப்பதால் நடப்பதல்ல. பி-லீட் எனப்படும் ஒரு வயர் அதன் முதன்மைச் சுருளைச் சாவியுடன் இணைக்கிறது. சாவி அதை விமானத்தின் உடலோடு சேர்க்கும்போது சுருள் தரையிடப்பட்டு, பாயிண்ட் திறந்தாலும் ஓட்டம் அறுபடாமல், தீப்பொறி எழாமல் போகிறது. அந்த வயர் அறுந்தாலும் கழன்றாலும் மேக்னெட்டோ நிரந்தரமாக உயிருடன் இருக்கும். வானில் இது பாதுகாப்பான திசை: வயர் அறுந்து எஞ்சின் நிற்காது. தரையில் இதுவே ஆபத்து: சாவி விமானியின் சட்டைப்பையில் இருக்கும்போதும், யாராவது புரொப்பெல்லரைக் கையால் சற்றே திருப்பினால், சிலிண்டரில் மிஞ்சிய ஆவி பற்றி எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றக்கூடும். முள் இறங்காத விமானத்தின் புரொப்பெல்லரிலிருந்து எல்லாரையும் விலக்கி வைத்து, மெக்கானிக்கை அழைக்க வேண்டும். டைமிங் முன்னேறியிருந்தாலும் வீழ்ச்சி வழக்கத்தைவிடக் குறையும். அதுவும் பறக்கத் தகாத நிலைதான், ஏனெனில் முழுத் திறனில் அது சிலிண்டருக்குள் வெடிப்பு எரிதலை வரவழைக்கும்.

சோதனை சொல்லாதவை

1800 ஆர்பிஎம்மில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். எனவே தரையில் தேறிய ஒரு பலவீனமான பிளக்கோ, மின்காப்பு கசியும் வயரோ, முழுத் திறனில் தோற்கலாம். சுருளில் வெப்பத்தால் மட்டும் வெளிப்படும் விரிசலும் அப்படித்தான். இரண்டு மேக்னெட்டோக்களின் டைமிங்கும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் 50 ஆர்பிஎம் வேறுபாட்டு வரம்பு எதையும் காட்டாது. அதனால்தான் மேக்னெட்டோக்களைக் கழற்றி உள்ளே பார்க்க 500 மணி நேர இடைவெளி வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு என்பதும் எல்லா எஞ்சினிலும் முழுமையான இரண்டு அல்ல: 172-இன் ‘என்’ மாடலில் இருந்த ஓ-320-எச்2ஏடி எஞ்சினில், இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே உறைக்குள், ஒரே சுழல் இணைப்பால் இயக்கப்பட்டன, அந்த இணைப்பு உடைந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும், முந்தைய சோதனை எதுவும் அதை முன்கூட்டிச் சொல்லாது.

இவற்றில் சிலவற்றைப் பயண உயரத்தில் செய்யும் சோதனை பிடிக்கும். மெலிந்த கலவையில், பயணத் திறனில், ஒவ்வொரு மேக்னெட்டோவாகச் சில விநாடிகள் ஓடவிட்டால், தரையில் தப்பிய பிளக் அங்கே தடுமாறும். அப்படிச் செய்யும்போது ஒரு நிலையில் எஞ்சின் முற்றிலும் அடங்கிவிட்டால் சாவியைப் பட்டென்று ‘போத்’துக்குத் திருப்பக்கூடாது. எரியாத கலவை அதற்குள் வெளியேற்றக் குழாயில் நிறைந்திருக்கும். திடீரென்று வரும் தீப்பொறி அதை அங்கேயே வெடிக்கவைத்து மஃப்ளரைப் பிளக்கும். முதலில் த்ராட்டிலை மூட வேண்டும், பிறகு சாவியைத் திருப்ப வேண்டும், அதன்பின்தான் திறனை மெதுவாக ஏற்ற வேண்டும். தரையில் சோதனையின்போது கை தவறிச் சாவி ‘ஆஃப்’ வரை போய்விட்டாலும் காரணம் அதே: திரும்பப் போடாமல், மிக்ஸ்சரை இழுத்து எஞ்சினை நிற்கவிட்டு, மீண்டும் முறைப்படி கிளப்ப வேண்டும்.